யாசிப்பதும் கேட்பதும்

மலாய் நாடகங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். திரையில் கதாநாயகி அழுது முடிப்பதற்குள் அவள் சொன்னதை இரண்டு வரிக்குள் அடக்கிவிட வேண்டும். அதற்கு மேல் இன்னொரு கட்டளையும் உண்டு: வடசொல் கூடாது. சந்தோஷம் மகிழ்ச்சியாக வேண்டும், வருஷம் ஆண்டாக வேண்டும், நிமிஷம் மணித்துளியாக வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ என்று எதைத் தட்டினாலும் அடியில் சிவப்புக் கோடு விழும்படி கணினியில் செய்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை. கிள்ளானில் நான் வளர்ந்த வீட்டில் கணினி வருவதற்கு முன்பே சிவப்புக் கோடு இருந்தது. அதன் பெயர் அப்பா. தமிழ் மன்றக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இன்றைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னால், முதலில் 'மகிழ்ச்சி' என்று திருத்துவார். அப்புறம்தான் எதற்கு என்று கேட்பார். அதற்குள் பாதி மகிழ்ச்சி வடிந்திருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்று நான் சோறு சாப்பிடுவதே அவர் திருத்திய தமிழால்தான்.

ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையக் கூடாத அந்தச் சொற்களெல்லாம் பக்கத்து வீட்டு வானொலியில் சொகுசாக உலவின. பிரியம், ஸ்பரிசம், மௌனம், விரகம். எல்லாம் காதலர்கள் வாயில்தான் வந்தன. பிள்ளைக்கு ஒன்றைத் தொடாதே என்று சொல்லி வைத்தால் போதாதா? காதல் என்றால் இந்தச் சொற்கள்தான், மற்றதெல்லாம் மன்றத்துக்கும் செய்தி அறிக்கைக்கும் என்று சிறு வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் அந்த முடிவை நான் மறுபரிசீலனை செய்யவில்லை. காரணம், தேவைப்படவில்லை. அதுவரை எனக்கு யாரிடமும் காதலைச் சொல்லும்படி நேரவில்லை.

அவளை முதலில் பார்த்தது அலுவலகத்துக்குப் பக்கத்திலிருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மலாய் நாடகம். புயல் அடிக்கிறது, கதாநாயகி விம்முகிறாள், கீழே தமிழில் 'சாளரத்தைச் சாத்திவிடு' என்று வருகிறது. பக்கத்து மேசையில் இருந்த பெண் அதை உரக்கப் படித்துவிட்டுத் தன் தோழியிடம், இப்படி அழுதுகொண்டே யாராவது சாளரம் என்று சொல்வார்களா என்று கேட்டுச் சிரித்தாள். ரசத்தில் இருந்த என் கை அப்படியே நின்றது. நான்தான் எழுதினேன் என்றேன். அவள் முகத்தில் அசடு வழியும் என்று எதிர்பார்த்தேன். வழியவில்லை. ஜன்னல் என்றால் என்ன கெட்டுப்போகிறது என்று நேராகவே என்னைக் கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜன்னல் வடசொல்லே இல்லை. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொல். ஜ என்ற எழுத்து இருப்பதால் அதற்குச் சிவப்புக் கோடு. அதற்குப் பதிலாகப் போடுகிற சாளரம் வடக்கிலிருந்து வந்தது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுத்து சாதுவாக இருப்பதால் அது பிழைத்துக்கொண்டது. ஆசை, நேசம், தினம், தூரம் எல்லாமே, கவிதை என்ற சொல்லேகூட வடக்கிலிருந்து வந்ததுதான். ஒன்றுக்கும் கோடு விழாது. இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவளுடைய தோழி மெதுவாக எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அவள் போகவில்லை.

அவளுக்குத் திருச்சி. சுபாங் ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வேலை பெர்மிட்டில் வந்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். சுபாங் ஜெயாவிலிருந்து அவள் வந்து இறங்கும் கொமுட்டர் ரயிலும் கிள்ளானுக்கு நான் ஏறும் ரயிலும் ஒரே தடம். ஆகவே மாலையில் நிலையத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில் யாரும் குறை சொல்ல முடியாது. கொமுட்டர் தாமதமாக வருகிறது என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு என் தமிழ் வேடிக்கையாக இருந்தது. எழுத்தில் சாளரம் என்று எழுதுகிறவன் பேச்சில் சந்தைக்குப் பாசார், லாரிக்கு லோரி, வாக்கியத்தின் வாலில் ஒரு லா என்று கலந்துகட்டி அடிப்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. நான் ஒவ்வொரு முறை லா சொல்லும்போதும் அவள் திருப்பி ஒரு லா சொல்லிக் கிண்டல் செய்வாள். வேண்டுமென்றே தவறான இடத்தில் போடுவாள். எனக்கோ அவள் தமிழ்தான் ஆச்சரியம். அவள் வீட்டில் யாரும் அவளைத் திருத்தியதே இல்லை போலிருந்தது. சந்தோஷம், வருஷம், ஞாபகம், பிரியம் எல்லாம் அவள் வாயில் உப்பு, புளி மாதிரி சர்வசாதாரணமாக வந்தன. அம்மாவிடம் போனில் பேசும்போது, தெருநாய் ஒன்று தன்னிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறது என்பாள். பிரியத்தை நாய்க்குக் கொடுக்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. அவளோடு அவள் வீட்டுப் பக்கம் நடந்தேன். நிலையத்துக்கு எதிரே பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு லோரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வந்தது. அவள் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சாலையைக் கடந்தோம். கடந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கிற பூக்கடை வரைக்கும் பிடித்திருந்தாள். அங்கே வந்ததும் குடையை மாற்றிப் பிடிப்பதுபோல் விட்டுவிட்டாள். இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்றைக்குக் கிள்ளான் போய்ச் சேரும் வரைக்கும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அந்தப் பேச்சு வந்தது. அவளுடைய பெர்மிட் முடியப் போகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று நிறுவனத்தில் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். சென்னையில் ஒரு வேலை தயாராக இருக்கிறது, அம்மாவுக்கும் அவள் பக்கத்தில் இருந்தால் நல்லது, முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். ஓ, அப்படியா என்றேன். ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

பேச்சில் வராதது எழுத்தில் வரும் என்று நம்புகிற சாதி நான். மறுநாளே கவிதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கும் கணினிக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த சொற்களை எல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

என் ஜீவனின் ஜோதியே,
உன் ஸ்பரிசம் வேண்டி
தினம் தினம் மௌன விரதம்.
உன் தரிசனம் இல்லாத நிமிஷம்
எனக்கொரு யுகம்.
உன் பிரியத்தை யாசிக்கிறேன்.

திரையில் அங்கங்கே சிவப்புக் கோடு. எனக்கு அது தீபாவளிபோல இருந்தது. ஜீவனும் ஜோதியும் மோனை போட்டு வந்ததைப் பார்த்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஒரு காகிதத்தில் அழகாக எழுதி, மாலையில் நிலையத்தில் அவளிடம் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அந்த 'நன்றாக' விழுந்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அப்புறம் கேட்டாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

நீங்கள்தானே ஜோதி, உங்களுடையதுதானே தரிசனம் என்று விளக்கினேன். படிக்கும்போது சூடம் ஏற்றிய வாடை வருகிறது, திரை விலகப் போகிற சந்நிதிக்கு முன்னால் நிற்பது போல இருக்கிறது, உள்ளே இருப்பது நான் இல்லை என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை. கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னாள்.

ரயிலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எதிரி எழுதியதைப் போலப் படித்தேன். ஒளி, தவம், தெய்வம், பக்தன். அவள் சொன்னது சரிதான். இந்தச் சொற்கள் காதலர் வாயில் புழங்குவதற்கு முன்பு கோவிலில் குடியிருந்தவை. தரிசனம் என்று எழுதிய கணமே அவள் படியேறி மேலே போய்விட்டாள். நான் கீழே கைகட்டி நின்றேன். கோவில் சிலைக்குப் பெர்மிட் பிரச்சினை கிடையாது. அம்மா கிடையாது, சென்னையில் வேலையும் கிடையாது. இவளுக்கு எல்லாம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருத்தியைப் போகாதே என்று கேட்பதற்கு அந்தக் கவிதையில் இடமே இல்லை.

சரி, வடசொல்தான் தவறு, தூய தமிழில் எழுதினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது என் தொழில் ஆயிற்றே. மறுநாள் மதிய உணவு நேரத்தில் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, நாடக வசனத்துக்குச் செய்வது போல் ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி, அதன் இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்தேன்.

என் உயிரின் ஒளியே,
உன் தொடுகை வேண்டி
நாள்தோறும் வாய்பேசா நோன்பு.
உன் காட்சி இல்லாத மணித்துளி
எனக்கோர் ஊழி.
உன் அன்பை இரக்கிறேன்.

ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. உயிரும் ஒளியும் மோனையில் நின்றன, முன்னைவிடப் பொருத்தமாகவே நின்றன. அப்பா படித்திருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பார். அன்று மாலை அவளிடம் நானே வாசித்துக் காட்டினேன். நடைமேடையில் நின்று, கொஞ்சம் குரலை ஏற்றி.

அவள் கைப்பையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கிவிட்டு, எந்த மன்றத்தில் வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். கடைசி வரியில் ஏன் இறக்கிறீர்கள், உடம்புக்கு என்ன என்றாள். அது சின்ன ர, இரத்தல் என்றால் பிச்சை கேட்பது என்று விளக்கவுரை சொல்ல வேண்டியதாயிற்று. காதல் கவிதைக்கு நடைமேடையிலேயே உரை எழுதியவன் நானாகத்தான் இருப்பேன். மூக்கு உடைந்ததுதான் மிச்சம். மாதம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை. சொல்லை மாற்றியும் ஆள் மாறவில்லையே என்ற எரிச்சல். கோவிலிலிருந்து கவிதை கிளம்பி மேடைக்குப் போயிருந்தது. அவ்வளவுதான். சூட வாடை போய் ஒலிபெருக்கிச் சத்தம் வந்திருந்தது. ஏனென்றால் நான் மாற்றியது சட்டையை மட்டும். வாய்பேசா நோன்பு என்றாலும் மௌன விரதம் என்றாலும் நான் நோன்பும் இருக்கவில்லை, விரதமும் இருக்கவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி சும்மா இருந்தேன். அதற்குத் தமிழில் சரியான சொல் 'சொல்லவில்லை' என்பதுதான். தூய தமிழ். அப்பாகூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் அலுவலக மடிக்கணினியோடு உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பித்தேன். இம்முறை ஸ்பரிசத்துக்கு இணைச்சொல் தேடவில்லை. ஸ்பரிசம் என்று எழுதியபோது என் மனக்கண்ணில் எது வந்தது என்று என்னையே கேட்டேன். மழை வந்தது, லோரி வந்தது, அவள் கை வந்தது. தொடுகை என்று எழுதினால் அது யாருடைய தொடுகையாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லுக்குள் போனால் தொடு என்று ஒரு வினை இருக்கிறது. அதைத் திறந்தேன். தொட்டாய் என்று வந்தது. இல்லை, அவள் தொடவில்லை, பிடித்தாள். பிடித்தாய் என்று எழுதினேன். எழுதியதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. 'பிடித்தாய்' என்ற ஒரே சொல்லில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டாளே, நான் எங்கே இருக்கிறேன் என்று, இங்கேதான். ஸ்பரிசம் என்ற பெயர்ச்சொல்லைத் திறக்க எனக்குச் சாவி இல்லை. பிடித்தலுக்கு அப்படியில்லை. என் வீட்டுக் கதவு அது.

அடுத்த வரியில் 'கடந்த பின்னும் கொஞ்ச தூரம் விடவில்லை' என்று எழுதினேன். கோடு விழவில்லை. ஆனாலும் தூரம் வடசொல் என்று எனக்குத் தெரியும். தொலைவு என்று போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிப்பது போல் இருந்தது. சரி, உண்மையில் எவ்வளவு தொலைவு என்று யோசித்தேன். பூக்கடை வரைக்கும். அதையே எழுதினேன். ஒரு சொல்லைத் தவிர்க்கப் போய் ஒரு பூக்கடை கிடைத்தது. வடசொல்லை நீக்கினால் நல்ல கவிதை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை நீக்கிய இடத்தில் அடுத்த சொல்லை அவசரமாக வைக்காமல் கொஞ்சம் காலியாக விட்டுப் பார்த்தால், அங்கே நடந்தது என்ன என்று தெரிகிறது.

யுகத்தையும் ஊழியையும் அடித்தேன். அவள் ரயில் தாமதமானால் நான் காத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு உலகம் அழிய வேண்டியதில்லை.

கடைசியில் யாசிக்கிறேன் வந்தது. அதன் இடத்தில் கேட்கிறேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாசிக்கிறவனுக்குக் கை நீட்டி நிற்பதே போதும். கிடைத்தால் கிடைக்கட்டும். நிற்பதிலேயே அவனுக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது. கேட்கிறேன் என்று எழுதினால் உடனே அடுத்த வரி வேண்டும். என்ன கேட்கிறாய்? இரண்டு கவிதை எழுதியும் நான் எதையுமே கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இருப்பாயா என்று எழுதினேன். ஐந்தெழுத்து. 'இருப்பாயா' என்று கேட்டால் 'இல்லை' என்றும் பதில் வரும். யாசிப்பதில் அந்த ஆபத்து இல்லை.

அதோடு விடவில்லை. இருப்பாயா என்று எழுதியதும் இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய அம்மாவையும் ஊரையும் விட்டுவிட்டு இங்கேயே இரு என்று சொல்ல நான் யார்? என் வேலையை மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். பக்தன் நகர மாட்டான், சிலைதான் அருள வேண்டும். கேட்கிறவனுக்குக் கால் இருக்கிறது. இல்லை, நான் வரட்டுமா என்று எழுதினேன். கிள்ளானை விட்டு எங்கும் போய் வாழ்வதாக அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை. எழுதிப் பார்த்த பிறகு, போகலாமே என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

ஆனால் கேள்வியோடு முடிக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு வரி சேர்த்தேன்.

எதுவும் இல்லையென்றால்
உன் பிரியம் போதும்.

பிரியம் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது அவள் வீட்டுச் சொல், அவள் அம்மாவிடம் பேசுகிற சொல், அவளுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. அவள் கிள்ளானுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். லிட்டில் இந்தியாவில் துணி எடுக்க வேண்டும், ஊருக்குக் கொண்டுபோக, கூட வர முடியுமா என்று கேட்டிருந்தாள். ஊருக்குக் கொண்டுபோக என்றதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அம்மாவுக்குச் சேலை, அண்ணன் குழந்தைக்குச் சட்டை என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு பையும் விமானத்தில் ஏறுவதை நினைத்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் வெயில் தாங்காமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ, நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக், சொன்னோம். பைகளை ஒரு நாற்காலியில் அடுக்கிவிட்டு, இந்த முறை வாசிக்காமல், கைப்பேசியில் இருந்ததை அவளிடம் நீட்டினேன்.

மழை நாள்.
தெருவைக் கடக்கையில் என் கையைப் பிடித்தாய்.
பூக்கடை வரைக்கும் விடவில்லை.
அதை நீயும் பேசவில்லை, நானும் சொல்லவில்லை.
இப்போது கேட்கிறேன்:
இருப்பாயா?
இல்லை, நான் வரட்டுமா?
எதுவும் இல்லையென்றால்
உன் பிரியம் போதும்.

அவள் சிரிக்கவில்லை. தே தாரிக் வந்தது, தொடவில்லை. பூக்கடை வரைக்கும் என்பதை மட்டும் மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கும் எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. குடையை மாற்றிப் பிடித்ததெல்லாம் நடிப்பு.

அப்புறம் கைப்பேசியை மேசைமேல் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டாள். அது உங்கள் வீட்டுச் சொல், அதனால் வைத்தேன் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பிரியம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுவது, இங்கே அந்தச் சொல்லைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள் என்றாள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் ஓடிப்போகிறவர்தான் போதும் என்று சொல்வார் என்றாள். இத்தனை வடசொல்லையும் தேடித் தேடிக் களைந்தவன், ஒளிந்துகொள்ள ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சிவப்புக் கோடு தேவைப்படவில்லை.

"பிரியத்த வச்சுக்கிட்டு நீங்க இங்கயும் நான் அங்கயும் என்னங்க பண்றது? ஆள் வேணும்."

சொல்லிவிட்டு அந்த இரண்டு வரியையும் அழித்தாள். அவற்றின் இடத்தில் 'ஆள் வேண்டும்' என்று அவளே தட்டினாள். இதைவிடத் தூய தமிழ் எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வரியை எழுதவும் எனக்கு வராது. எந்த மன்றத்திலும் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

அவள் கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். எழுதினது போதும், இப்போது வாயைத் திறந்து கேளுங்கள் என்றாள். கவிதையில் நீ என்று எழுதியிருந்தேன். நேரில் நாங்கள் எப்போதும் நீங்கள்தான். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைக்காரர் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணிப் பைகள் நாற்காலியிலிருந்து சரிந்தன. ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இருக்கீங்களா? இல்ல, நான் வரட்டுமா?"

அண்ணன் ஊரிலிருந்து வரப் போகிறான், சேலையும் சட்டையும் அவன்தான் கொண்டுபோவான், பெர்மிட்டைப் புதுப்பிக்கும்படி நிறுவனத்தில் முந்தாநாள் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன், நீங்கள் கேட்பீர்களா மாட்டீர்களா என்றுதான் தெரியவில்லை என்றாள். அவள் ஆறிப்போன தே தாரிக்கை ஒரு வாய் குடித்தாள். பிறகுதான் என் கேள்விக்குப் பதில் சொன்னாள். கிண்டலாக இல்லாமல், சரியான இடத்தில் போட்டு, முதல் தடவையாக.

"இருக்கேன் லா."